வெள்ளானூரில் பதிவான ஓர் ஆயுத பூஜை

சனிக்கிழமை காலை 8.40. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். பள்ளியின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காக என் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் வினோதினியும் ரஹ்மத்தும் என்னோடு வந்தார்கள். ஆவடியிலிருந்து வெள்ளானூருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது.

"வீடியோவா எடுக்கப் போறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா, குரல் மட்டும்," என்றாள் ரஹ்மத்.

"மூஞ்சி இல்லாம யாரும்மா கேப்பாங்க?"

9.50. செல்வியம்மாவின் வீடு. அவருக்கு எழுபது வயது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாணவிகள் மின்விசிறியை நிறுத்தி, இரண்டு போன்களை வைத்து, தேதி, இடம், பெயர்களைச் சொல்லிப் பதிவைத் தொடங்கினார்கள்.

"ஆயுத பூஜைக்குக் குடும்பத்தையெல்லாம் கம்பெனிக்குள்ள விடுவாங்களாமே, ஜாலியா இருந்துச்சாம்மா?" என்றாள் வினோதினி.

"இருந்துச்சு."

அவ்வளவுதான் பதில். கேள்வியிலேயே பதில் இருந்ததை வினோதினி உணர்ந்துகொண்டாள். "அன்னிக்குக் காலைல வீட்ல இருந்து கெளம்புனதுலேருந்து சொல்லுங்கம்மா."

அதன்பின் செல்வியம்மா நிறுத்தவில்லை. பிரஸ் மெஷினில் அவர் விரல் துண்டாகிப் போன வருஷத்துப் பூஜை அது. அவருடைய அம்மா உள்ளே வந்து, மாலை போட்ட அந்த மெஷினைப் பார்த்து, "இதுவா?" என்று கேட்டார். பிறகு முந்தானையால் அதன் குங்குமத்தை அழுத்தித் துடைத்துவிட்டார். செல்வியம்மா சூப்பர்வைசர் பெயரைச் சொல்லி, "விரல் போனது என் கவனக்குறைவாலன்னு எழுதிக் குடுன்னு அவன்தான் சொன்னான், குடுத்துட்டேன்," என்றார்.

பிறகு கையை மடியில் மறைத்துக்கொண்டார். "இத்த வெளிய போடாதீங்க கண்ணு."

வினோதினியின் முகம் வாடியது. பள்ளிக் கண்காட்சிக்கு இதைவிட நல்ல பதிவு கிடைக்காது. ஆனாலும் பதிவை நிறுத்தியது அவள்தான்.

ரஹ்மத் ஒப்புதல் படிவத்தை வாசித்தாள். எல்லோரும் கேட்கலாம், பெயரில்லாமல் கேட்கலாம், குடும்பத்தார் மட்டும் கேட்கலாம், அல்லது அழித்துவிடலாம். "எதுன்னாலும் சரிம்மா. இப்பவே சொல்லணும்னு இல்ல."

"இன்னா பேசிக்கீறேன்னு முதல்ல கேக்குறேன்."

ஹெட்போனில் அந்தப் பகுதியை முழுதாகக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் கேக்கட்டும். என் பேரு இருக்கட்டும். அவன் பேர மட்டும் எடுத்துடு. அவன் புள்ளைங்க இன்னா பண்ணுச்சு?"

ரஹ்மத் அந்த இடத்தின் நிமிடக் கணக்கைக் குறித்தாள். மூலப்பதிவு பள்ளியில் பூட்டி இருக்கும், நகலில் அந்தப் பெயர் மட்டும் ஒலிக்காது என்று விளக்கினாள். செல்வியம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

11.30. கிளம்பும்போது, "அடுத்த தெருவுல காந்தா கீறா. அன்னிக்கு அவளும் அங்கதான் இருந்தா. வேற மாதிரி சொல்லுவா. அதையும் எடுத்துக்கங்க," என்றார்.

என் சொந்த ஊர் மில்லுக்கு ஒரே வரலாறுதான். வாசல் கல்வெட்டில் இருக்கிறது, முதலாளி பெயரோடு. என் அப்பா அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்தார். இன்னும் ஊரில்தான் இருக்கிறார்; அந்த நாட்களைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. காந்தா வீட்டுக்கு நடக்கும்போதே, போனில் இரவு ரயிலில் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டேன்.