ஒரே ஊரில் இரண்டு நாலு மணி

என் அக்காவின் வீட்டுக்காரர் குதிரைவண்டி ஓட்டினார். ஊரில் அவருக்கு ‘இருபத்திரண்டு’ என்று பெயர். அது வண்டி நம்பரும் இல்லை, வயதும் இல்லை. ஸ்டேஷன் கடிகாரத்துக்கும் ஊர் மணிக்கூண்டுக்கும் இருந்த வித்தியாசம் அது. அந்த இருபத்திரண்டு நிமிஷத்தோடு மல்லுக்கட்டியதிலேயே அத்தானின் பாதி ஆயுள் போயிற்று. மீதியை ராஜா மாதிரி வாழ்ந்தார்.

ரயில் வருவதற்கு முன் இதில் ஒரு தொல்லையும் இல்லை. சூரியன் உச்சிக்கு வந்தால் பன்னிரண்டு. எல்லா ஊருக்கும் அதுதான் கணக்கு. ஆனால் சூரியன் கிழக்கே இருக்கிற ஊரின் உச்சிக்கு முதலில் வரும், மேற்கே இருக்கிற ஊருக்குப் பிறகுதான் வரும். தலைநகரம் எங்களுக்கு வெகுதூரம் கிழக்கே. அங்கே பன்னிரண்டு அடிக்கும்போது எங்கள் மணிக்கூண்டில் பதினொன்று முப்பத்தெட்டு. மாட்டுவண்டியில் பல நாள் போகிறவனுக்கு இது எதற்கு? போய் இறங்கின இடத்தில் என்ன மணியோ அதுதான் மணி.

ரயிலுக்கு அப்படி முடியாது. ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக வருகிற இரண்டு வண்டிகள் நடுவழி ஸ்டேஷன் ஒன்றில்தான் விலகிப் போக வேண்டும். ஆளுக்கொரு ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ஓட்டினால் இரண்டும் முகத்தோடு முகம் முட்டிக்கொள்ளும். அதனால் ரயில்வேக்காரர்கள் பாதை நெடுக ஒரே நேரத்தை வைத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்குச் சற்று முன் தந்திக் கம்பியில் மற்ற பேச்செல்லாம் நின்றுவிடும். சரியாகப் பத்துக்குத் தலைநகரத்திலிருந்து ஒரு தட்டுச் சத்தம் வரும். அந்தத் தட்டுக்கு எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் முள்ளைத் திருத்துவார். அதே நொடியில் பாதையில் இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர்கள் அத்தனை பேரும் திருத்துவார்கள்.

ஊர் மட்டும் மாறவில்லை. காலையில் தலைநகர வண்டி ஸ்டேஷன் கணக்கில் எட்டுக்குப் புறப்படும். அப்போது மணிக்கூண்டில் ஏழு முப்பத்தெட்டுதான் ஆகியிருக்கும். மணிக்கூண்டைப் பார்த்து ஏழே முக்காலுக்கு மூட்டையும் கையுமாக வந்து சேர்கிறவன் புகையைத்தான் பார்ப்பான். வண்டியை விட்டவன் யாரைத் திட்டுவான்? ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டப் பயம். அத்தானைத் திட்டுவான்.

ஒருநாள் துணிக்கடைக்காரர் வீட்டு வாசலில் அத்தான் அரைமணி நேரமாகக் காத்துக் கிடந்தார். நான் குதிரைக்கு லாடம் அடித்த கையோடு வண்டியில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன்.

“ஐயா, கிளம்புங்க. ஸ்டேஷன்ல மணி ஏழே முக்கால் ஆயிடுச்சு.”

“இப்பத்தானே ஏழேகால் அடிச்சு ஓஞ்சுது. என்ன வெரட்டுற? இன்னொரு சவாரி புடிச்சு வச்சிருக்கியா?”

“இருபத்திரண்டு நிமிஷம் கூட்டிக்கணும்யா.”

“உன் கணக்க உன் குதிரைகிட்ட சொல்லு. நான் காப்பி குடிச்சிட்டு வரேன்.”

குடித்துவிட்டு வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், குடையால் வண்டிச் சக்கரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். “நொண்டிக் குதிரைய வச்சிக்கிட்டு ஊர ஏமாத்துறியா?”

குதிரையைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அத்தான் என் தோளை அழுத்தினார். “விடு மாப்ள. அவரும் என்ன பண்ணுவாரு, மணிக்கூண்ட நம்பினாரு.”

அக்கா அப்படி விடுகிற ஆள் இல்லை. “ஏங்க, தெனமும் ஒருத்தன்கிட்ட வசவு வாங்காம உங்களுக்குச் சோறு எறங்காதா? பேசாம வண்டிக்குப் பின்னால ரெண்டு கடியாரத்தக் கட்டித் தொங்க விடுங்க.”

கேலிக்குத்தான் சொன்னாள். அத்தான் மறுநாளே பலகையில் இரண்டு வட்டம் வரைந்து மாட்டிவிட்டார். ஒன்றில் மணிக்கூண்டு நேரம், இன்னொன்றில் ஸ்டேஷன் நேரம், நடுவே பெரிசாக ‘22’. பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த வருஷம் நாடு முழுக்க ஒரு பேச்சு கிளம்பியது. உலகத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி இருபத்துநாலாகப் பிரித்து, சுளைக்கு ஒரு நேரம் என்று வைக்கப் போகிறார்கள். ஒரு சுளைக்கும் பக்கத்துச் சுளைக்கும் சரியாக ஒரு மணி வித்தியாசம். நடுவில் நிமிஷக் கணக்கே கிடையாது. எங்கள் பாதை முழுக்க ஒரே சுளைக்குள் அடங்கியது. ரயில்வே கடிகாரம் ஏற்கெனவே அந்த நேரத்தில்தான் ஓடியது. இனி ஊர்க் கடிகாரங்களும் அதற்கு மாற வேண்டும், ஒவ்வொரு ஊர்ச் சபையும் கூடித் தீர்மானம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் அத்தானைக் கூப்பிட்டு வேறொன்றும் சொன்னார். “இந்த ஊர்ல வண்டி ஏறுறவங்கள விட வண்டிய விடுறவங்கதான் ஜாஸ்தி. ஊர் நேரத்த மாத்தலன்னா எக்ஸ்பிரஸ் இனி இங்க நிக்காதுன்னு மேல பேசிக்கிறாங்க.”

எக்ஸ்பிரஸ் நிற்காவிட்டால் அத்தானின் பிழைப்பு போச்சு. குதிரையை விற்க வேண்டியதுதான். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் குதிரைக்குப் புல் போட்டார். போட்ட புல்லுக்கு மேலேயே திரும்பவும் போட்டார்.

ஒரு நல்ல காலம், ஸ்டேஷன் வார்டுக்கு வேறு யாரும் நிற்காததால் அத்தான்தான் சபை மெம்பர். சபையில் மொத்தம் ஏழு பேர். வாத்தியாரும் ஓட்டல்காரரும் அத்தான் பக்கம். ஊர்த்தலைவர், மில் முதலாளி, மருந்துக்கடைக்காரர், துணிக்கடைக்காரர் நாலு பேரும் மணிக்கூண்டுப் பக்கம். வண்டியை விட்ட பிறகும் துணிக்கடைக்காரர் அந்தப் பக்கம்தான். தோற்றவனுக்கு வீம்பு அதிகம்.

மணிக்கூண்டு தலைவரின் அப்பா கட்டியது. அவர் சொன்னார்: “தலைநகரத்துக்காரன் எழுந்திரிக்கிற நேரத்துக்கு நாம எதுக்கு எழுந்திரிக்கணும்? சூரியன் சொல்றதுதான் நேரம்.”

சூரியன்கூட அப்படி ஒழுங்காகச் சொல்வதில்லை. மணிக்கூண்டின் அடியில் ஒரு நிழல்கோடு உண்டு. நிழல் அதில் விழும் உச்சிவேளையும் கடிகாரத்தின் பன்னிரண்டும் வருஷத்தில் நாலே நாள்தான் ஒத்துப்போகும். மற்ற நாளெல்லாம் கால்மணி வரை முன்னே பின்னே இழுக்கும். மணிக்கூண்டுக்குச் சாவி கொடுக்கிறவர் அட்டவணையைப் பார்த்துக் கூட்டிக் கழித்துத்தான் முள்ளை வைப்பார். மணிக்கூண்டே சூரியனைத் திருத்திக்கொண்டுதான் இருந்தது. சொன்னால் யார் கேட்டார்கள்?

கூட்டத்துக்கு ஜில்லா அதிகாரி தலைமை தாங்குவார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாலை நாலு மணி என்று போட்டிருந்தது. அத்தான் நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“ஐயா, நாலு மணின்னா எந்த நாலு மணி? அதிகாரி ரயில்ல வர்றாரு. அவரு கையில ரயில் நேரம்தான் இருக்கும்.”

“இந்த ஊர்ல எத்தன நாலு மணி இருக்கு?”

“இப்போதைக்கு ரெண்டு இருக்குய்யா.”

“எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மணிக்கூண்டு அடிக்கும். நான் வருவேன்.”

வாசலுக்கு வந்ததும் அத்தான் சொன்னார்: “நீ சாட்சி மாப்ள. சொல்லலன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.”

அன்று அதிகாரியை ஸ்டேஷனிலிருந்து அத்தான்தான் அழைத்து வந்தார். நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு சபை ஜன்னல் ஓரமாக நின்றேன். அத்தான் சாட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பின்னாலேயே உள்ளே போனார்.

“வண்டிக்காரரே, கூலி வாங்கிட்டீங்களே. இங்க என்ன வேலை?”

“நானும் மெம்பர்தாங்க. குதிரைக்குத்தான் ஓட்டு கிடையாது.”

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு பைக்கடிகாரத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். நாலு. உள்ளே அத்தான், வாத்தியார், ஓட்டல்காரர் என்று மூன்றே மெம்பர்கள். ஜன்னல் வழியே தெரிந்த மணிக்கூண்டில் மூன்று முப்பத்தெட்டு.

அத்தான் எழுந்தார். “ஐயா, மத்தவங்க மணிக்கூண்டப் பாத்துதான் வருவாங்க. கொஞ்சம் பொறுத்தா வந்துடுவாங்க.”

“நான் இன்னிக்கு மூணு ஊர் பாக்கணும். நாலு ஐம்பதுக்கு எனக்கு வண்டி. சட்டப்படி மூணு பேர் போதும். ஆரம்பிக்கலாம்.”

ஆரம்பித்தார்கள். மூன்று கையும் தூக்கினார்கள். மணிக்கூண்டு ரயில் நேரத்துக்கு மாறும் என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது. வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு மணிக்கூண்டு நாலு அடித்தது. கடைசி அடியோடு தலைவர் உள்ளே நுழைந்தார். பின்னால் மற்ற மூன்று பேர்.

“தீர்மானம் முடிஞ்சுதுங்க,” என்றார் அதிகாரி.

“அதெப்படி? இப்பத்தானே நாலு அடிச்சுது. என் காதால கேட்டுக்கிட்டே வரேன்.”

“என் கடிகாரத்துல நாலு இருபத்திரண்டு.”

“இது அநியாயம். சரியான நேரத்துக்கு வந்தவன வெளிய நிறுத்தி வச்சிட்டு நீங்களா முடிச்சிட்டா என்ன அர்த்தம்?”

துணிக்கடைக்காரர் மட்டும் மேஜைமேல் இருந்த கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஜெயம் அவருடையது. தீர்மானம் கையில் இருந்தது. ஆனால் எழுந்தார்.

“ஐயா சொல்றது நியாயம்தாங்க. சரியான நேரத்துக்குத்தான் வந்தாரு. ஸ்டேஷன்ல தெனமும் வண்டிய விட்டுட்டு நிக்கிறவங்களும் சரியான நேரத்துக்குத்தான் வர்றாங்க. அவங்கள ஏமாத்துறது நான் இல்ல, குதிரையும் இல்ல. இப்படி ஜெயிச்சா நாளைக்கு என்னையும் ஏமாத்துக்காரன்னுதான் சொல்வாங்க. வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு. மறுபடியும் ஓட்டு எடுங்க.”

ஓட்டல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலுக்கு மூன்று என்று தோற்பது உறுதி. எனக்கே ஜன்னல் வழியாக அத்தானின் சட்டையைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது.

அதிகாரி மறுபடி கேட்டார். மூன்று கை எழுந்தது. கொஞ்சம் தயங்கி, குடையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, நாலாவதாக ஒரு கை எழுந்தது. துணிக்கடைக்காரர்.

தலைவர் அவரை முறைத்தார். “நீருமா?”

“ரெண்டு தடவ ஆச்சுங்க,” என்றார் அவர். “ஒரு தடவ ரயில விட்டேன், இன்னிக்கு கூட்டத்த விட்டேன். ரெண்டு தடவையும் நான் லேட்டா வரல. இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல.”

நாலுக்கு மூன்று. ஏழு பேரும் உட்கார்ந்திருந்த சபையில், யாரும் குறை சொல்ல முடியாத ஜெயம். அதிகாரியை அத்தான் நாலு நாற்பத்தைந்துக்கு ஸ்டேஷனில் இறக்கினார். வழியெல்லாம் குதிரை ஓடியதா பறந்ததா என்று எனக்கு நினைவில்லை. நான் பின்னால் தொங்கிக்கொண்டு பாடிக்கொண்டே வந்தேன்.

முள்ளை மாற்றின அன்று ஊரே மணிக்கூண்டு அடியில் கூடியது. பதினொன்று முப்பத்தெட்டுக்குச் சாவிக்காரர் பெரிய முள்ளைப் பிடித்துத் தள்ளினார். பன்னிரண்டு அடித்தது. நிழல் இன்னும் கோட்டைத் தொடவில்லை. யாரோ, “எங்க இருபத்திரண்டு நிமிஷத்த எவன்டா தின்னது?” என்று கத்தினான். “என் வீட்டுக்காரருதான், பத்து வருஷமா கொஞ்சம் கொஞ்சமா தின்னாரு,” என்றாள் அக்கா. கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

எக்ஸ்பிரஸ் நின்றது. நின்றது மட்டுமா, வருஷம் முடிவதற்குள் இரண்டாவது பிளாட்பாரம் போட்டார்கள். அத்தான் இரண்டாவது குதிரை வாங்கினார். அதற்கு முதல் லாடம் அடித்தவன் நான்தான். அடித்துக்கொண்டிருக்கும்போது தலைவரே என் பட்டறை வாசலுக்கு வந்தார். மகளைப் பார்க்கத் தலைநகரம் போக வேண்டும், வண்டி எட்டுக்கு.

“நேரம் இருக்கா?” என்று கேட்டார்.

அத்தான் சாட்டையால் மணிக்கூண்டைக் காட்டினார். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். ஏழரை.

“இருக்கு,” என்று அவரே சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டிக்குப் பின்னால் அந்தப் பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வட்டத்தில் ஒன்றை அத்தான் அழித்துவிட்டிருந்தார். ‘22’ஐ மட்டும் அழிக்க அக்கா விடவில்லை.