பேட்டர்ன் ரூமுக்குப் போன வழி

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். அந்தப் பெருமையில், படிப்பு என்றால் வகுப்பறை, கரும்பலகை, வருகைப் பதிவேடு என்றே நினைத்திருந்தேன்.

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், தைத்த துணியை அளந்து சரிபார்க்கும் செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். அவருக்குப் பேட்டர்ன் ரூமில் உதவியாளராக வேண்டும் என்று ஆசை. இரண்டு மாதத்தில் பேட்டர்ன் மாஸ்டர் டெஸ்ட் வைப்பார். அளவுத்தாளைப் பார்த்து ஒரு டீ-ஷர்ட்டுக்குப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சு, போட்டுக் காட்ட வேண்டும்.

"கிளாஸ்ல சேருங்கக்கா. முறையா சொல்லித் தருவாங்க" என்றேன். மாலை ஆறரைக்கு வகுப்பு. இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் ஷிப்மென்ட் நெருக்கடி, வாரம் முழுக்க ஓவர்டைம். திரும்பப் போனபோது மற்றவர்கள் கழுத்துப் பட்டிக்கு வந்துவிட்டார்கள்.

"அவிய வேகத்துக்கு நம்ம ஷிப்மென்ட் நிக்குமா கண்ணு?" என்று வகுப்பை விட்டுவிட்டு, போனில் வீடியோ பார்த்துப் பழகப்போவதாகச் சொன்னார்.

எனக்குக் கோபம். "வீடியோ பாத்து யாருங்கக்கா மாஸ்டர் ஆயிருக்காங்க?"

"நானு ஆவறேன், பாரு."

சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முன் கிடைக்கும் அரைமணி நேரத்தில் பழைய நியூஸ்பேப்பரை வெட்டிப் பழகினார். வீடியோவில் மார்புச் சுற்றளவை நாலாகப் பிரிக்கச் சொன்னார்கள், அளவுத்தாளில் இருந்த எண்ணை அப்படியே நாலாகப் பிரித்தார். தைத்துப் பார்த்தால் அகலம் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத்தான் சரியாக இருந்தது. மறுநாள் சட்டையைக் கம்பெனிக்கே கொண்டுவந்து சிரித்தார்.

"தெனமும் துணிய மேசையில விரிச்சுப் போட்டுத்தானே செஸ்ட் அளக்கறேன்! தாள்ல இருக்கறது அந்தப் பாதி அளவு. அதை ரெண்டாத்தானே பிரிக்கோணும்? அது வீடியோக்காரனுக்கு எப்புடித் தெரியும்?"

தவறை அவரே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சட்டையின் கை மட்டும் பிடிபடவில்லை. மூன்று முறை தைத்தும் தோளருகே சுருங்கியது. அப்போதுதான் தனியாகச் சொல்லித்தரும் ஒரு பெண்ணை எங்கள் ஊர் ராயபுரத்தில் தேடிப் பிடித்தார். முழுப் பாடம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும் என்றார். கெட்டுப்போன மூன்று சட்டைகளையும் எடுத்துப் போனார். அந்தப் பெண் டேப்பை வளைத்து அக்குள் வளைவையும் கையின் மேல்வளைவையும் அளந்து காட்டினாராம். கையின் வளைவு ஒன்றரை அங்குலம் கூடுதல். ஜாக்கெட்டுக்கான வளைவைப் பனியனுக்குப் போட்டிருக்கிறார். அப்படி நான்கு ஞாயிறுகள்.

எது தன்னால் ஆகும், எதற்கு இன்னொருவர் கண் வேண்டும் என்று பிரித்துப் பார்க்க எந்த வகுப்பும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை.

டெஸ்ட் அன்று அக்காவின் பேட்டர்னில் சாம்பிள் சட்டை தைத்து வந்ததும் மாஸ்டர் முதலில் அதன் கையைத்தான் இழுத்துப் பார்த்தார். சுருக்கமே இல்லை.

"எந்தக் கோர்ஸுங்க படிச்சீங்க?"

"கிளாஸ்ல ரெண்டு நாளு, டீச்சர்கிட்ட நாலு மணி நேரமுங்க. மிச்சமெல்லாம் ஊட்டுல தப்புத் தப்பா வெட்டுனதுங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே தன் மேசையில் பாதியை ஒதுக்கி, அடுத்த அளவுத்தாளை அக்காவின் முன் வைத்தார்.