சங்கத்துக்கு மூன்று மின்னஞ்சல்

சிமெண்டில் உறைந்த ரத்தத்தைப் பினாயில் ஊற்றித் தேய்த்தாலும் முழுதாகப் போகாது என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் கற்றேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் அருகில் இரண்டு கறைகள் இருந்தன. பெரியது வாட்ச்மேனுடையது. சிறியது எங்கள் சங்கத்தின் முன்னாள் செயலாளருடையது. சிறிய கறைக்காரர்தான் போலீசில் புகார் கொடுத்தவர்.

எங்கள் சங்கத்தில் இதுவரை மூன்று செயலாளர்கள். மூன்றாவது நான். முதலாமவர் சண்டை போட்டுக்கொண்டு விலகி, மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். இரண்டாமவர்தான் இந்தக் கதையில் தலையில் கட்டோடு வருபவர். அவரும் சண்டை போட்டுக்கொண்டுதான் விலகினார், ஆனால் வீட்டைக் காலி செய்யவில்லை.

விலகும் செயலாளர் சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் போவது எங்கள் மரபு. சாவிக்கொத்தைக் கொடுப்பார், ரப்பர் ஸ்டாம்பைக் கொடுப்பார், கடவுச்சொல் மட்டும் மறந்திருக்கும். வருகிறவர் வேறு வழியில்லாமல் புதிய முகவரி ஒன்றைத் தொடங்குவார். முதலாமவர் தொடங்கியது குடியிருப்பின் பெயரோடு ‘சங்கம்’ என்று முடியும். இரண்டாமவர் அதன் கடைசியில் ஒன்று என்ற எண்ணைச் சேர்த்தார். நான் ஆண்டைச் சேர்த்தேன். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

சம்பவம் நடந்தது ஊரே உண்ட மயக்கத்தில் கிடக்கும் பிற்பகலில். இரண்டாமவர் தன் காரை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். தண்ணீர் லாரி வருகிறது, கொஞ்சம் நகர்த்துங்கள் என்று வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். மண்ணச்சநல்லூர்க்காரர், ரைஸ் மில்லில் மூட்டை சுமந்தவர், எங்களிடம் சத்தமாகக்கூடப் பேசியதில்லை. நான் இறங்கி வந்தபோது அவர் முன்கை நடுவில் வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. உதட்டிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாமவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கம்பி இருவருக்கும் நடுவில் கிடந்தது. மேலே கேமரா உடைந்து வயரில் தொங்கியது.

“குடிச்சிட்டு டார்ச்சால அடிச்சான் சார். நான் கையே தூக்கல. அவனா விழுந்து கையை ஒடைச்சிக்கிட்டான். கேமராவையும் அவன்தான் ஒடைச்சான்” என்றார் இரண்டாமவர்.

“ஒரு தடவைதான் அடிச்சேன் சார். கடைசியில” என்றார் வாட்ச்மேன். அந்த ஒரு வாக்கியத்தோடு அவரே தன் வழக்கை முடித்துக்கொண்டார்.

பார்த்தவர் யாருமில்லை. ஆகவே மறுநாள் காலை, கைக்கு மாவுக்கட்டுப் போட்ட கையோடு, வாட்ச்மேனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “சார், அவரு தலையில தையல் இருக்கு, இவன் அடிச்சேன்னு ஒத்துக்கறான். நான் என்ன பண்ண? வீடியோ இருந்தா கொண்டாங்க. இல்லன்னா சாயங்காலம் ரிமாண்டுதான்.”

வீடியோ இருந்தது. அதைத்தான் இரண்டாமவர் அறிந்திருக்கவில்லை. கேமராவை உடைத்தால் படமும் உடைந்துவிடும் என்று நம்பும் தலைமுறையைச் சேர்ந்தவர். சிக்கனம் கருதி நாங்கள் கேமராவில் மெமரி கார்டு போடவே இல்லை. அசைவு தெரிந்தவுடன் படம் கம்பெனியின் சர்வருக்கு ஏறிவிடும், ஒரு வாரம் அங்கே இருக்கும். பார்ப்பதற்கு வேண்டியது, கேமராவை முதலில் பதிவு செய்த கணக்கு ஒன்றுதான். நான் பொறுப்பேற்றபோதே அதைக் கேட்டேன். “எனக்கெதுக்கு சார் அதெல்லாம்? அது எனக்கு முன்னாடி இருந்தவரு மெயில்ல இருக்கு” என்றார் இரண்டாமவர். ஒருமுறை சொன்ன பொய்யை மாற்றிச் சொல்வது அவர் கௌரவத்துக்கு ஒத்துவராது.

காட்டூரில் இருக்கும் கேமரா மெக்கானிக்கை போனில் பிடித்தேன். “சங்கத்து மெயில்னு சொன்னாங்க சார், அதுலதான் போட்டேன்.”

“எந்தச் சங்கத்து மெயில்?”

“அது தெரியலயே சார். அன்னிக்கு பழைய செக்ரட்டரி, புது செக்ரட்டரி ரெண்டு பேரும் நின்னாங்க. ரெண்டு பேரும் என்னையத்தான் திட்டினாங்க.”

லிப்ட் வாசலில் அதே கணக்கில் பதிவான இன்னொரு கேமரா நல்ல நிலையில் இருந்தது. என் போனில் செயலியை இறக்கி, அதன் அடியில் ஒட்டியிருந்த சதுரக் குறியை ஸ்கேன் செய்தேன். இந்தக் கேமரா ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறது என்று வந்தது. கூடவே அந்தக் கணக்கின் முகவரி, முதல் மூன்று எழுத்தும் பிறகு நட்சத்திரங்களுமாக. மூன்று முகவரிக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்றுதான். எங்கள் பொருளாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கினார். முகவரி எவ்வளவு நீளமானாலும் அதே நட்சத்திரங்களைத்தான் போடுவார்கள் என்று சொன்னேன். அப்படியும் எண்ணி முடித்துவிட்டுத்தான் விட்டார்.

‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற இடத்தில் ஒரு முகவரியைக் கொடுத்தால், இதில் கணக்கு இருந்தால் குறியீடு அனுப்பப்படும் என்று சொல்கிறது. இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் நான் எழுதிய பதில்களை யாரோ படித்து வைத்திருக்கிறார்கள். திரையைப் பார்த்துப் பயனில்லை, அஞ்சல் பெட்டிகளைத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று அடித்தவரின் சட்டைப்பைப் போனில் இருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் தனியாக விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டாமவரை வாக்குமூலத்துக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார். இரண்டாமவர் தன் மனைவியோடு வந்தார். சங்கத்தின் சுற்றறிக்கைகளையெல்லாம் அந்தக் காலத்தில் டைப் செய்தவர் அந்த அம்மாள்தான். கணவர் வாயால் சொல்வார், அவர் பிழையில்லாமல் அடிப்பார். அன்று புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். சித்திரை வெயிலில் அப்படிப் போர்த்துவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அது அவருடைய தாடைக்குக் கீழே நீலமாகத் தெரிந்தது.

வாட்ச்மேன் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டாமவர் போகிறபோக்கில் அவருடைய மாவுக்கட்டைக் காலால் இடறிவிட்டு, “தெரியல, ஸாரி” என்றார். வாட்ச்மேன் பல்லைக் கடித்துக்கொண்டார், இருக்கிற பல்லை.

“கேமரா கணக்கு உங்க மெயில்லயா இருக்கு?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“சத்தியமா இல்ல சார். சந்தேகம்னா பாத்துக்கங்க.” போனைத் திறந்து, சங்கத்தின் பழைய அஞ்சல் பெட்டியைக் காட்டி, மேசைமேல் வைத்தார். கேமரா கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். ஒன்றுமில்லை.

“பாத்தீங்களா? இந்தப் பெரியவருக்குப் பொழுதுபோகல, சார். ரிட்டயர் ஆனாலும் ஃபைல் தூக்கற வியாதி போகல.”

பழைய கடிதத்தை அழித்துவிடலாம். இனி வரப்போகும் கடிதத்தை யாரும் முன்கூட்டி அழிக்க முடியாது. நான் என் போனை எடுத்தேன். முதலில் என் முகவரியைக் கொடுத்தேன். என் பெட்டிக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்து முதலாமவரின் முகவரி. அவர் சென்னையிலிருந்து லைனிலேயே இருந்தார். “வரலை. ஸ்பாம்லயும் பாத்துட்டேன். அந்த ஆளு மண்டைய ஒடச்சது யாரு? அவனுக்கு நான் ஒரு சட்டை எடுத்துத் தரேன்” என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

மூன்றாவதாக, கடைசியில் ஒன்று என்ற எண் உள்ள முகவரி. அனுப்பு என்பதை அழுத்தினேன்.

மேசைமேல் இருந்த போன் வண்டு போல அதிர்ந்து கண்ணாடிமேல் நகர்ந்தது. கேமரா கம்பெனியின் பெயர் திரையின் மேல் வந்து நின்றது.

“அந்தக் கணக்குல நேத்து நடந்த படம் இன்னும் இருக்கு. கேமராவ ஒடைச்சாலும் அது அழியாது” என்றேன்.

இரண்டாமவர் நாற்காலி பின்னால் சாயப் பாய்ந்தார். போனை எடுத்தவர் அதைச் சுவரில் அடிக்கவில்லை, முதலில் என் முகத்தில் அடித்தார். என் கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்தது. பிறகு போனைத் தரையில் போட்டுச் செருப்புக் குதிகாலால் நசுக்கினார், அதன் திரை கருப்பாகும்வரை. கான்ஸ்டபிள் அவர் கழுத்தைப் பிடித்து மேசையில் அழுத்தினார். தலைக்கட்டு பிரிந்து, தையலிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது. “யோவ், ஸ்டேஷன்லயே கை நீட்டறியா?” என்று இன்ஸ்பெக்டர் விட்ட அறையில் வெளியே காத்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். சட்டப்படி அவர் அதைச் செய்யக்கூடாது. அதற்கான விதி எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

எந்த முகவரி என்பது தெரிந்துவிட்டது. ஆனால் குறியீடு நசுங்கிய போனில் இருந்தது. சில நிமிடங்களில் அது காலாவதியாகும். மறுபடி கேட்டாலும் அதே பெட்டிக்குத்தான் போகும். அந்தப் பெட்டியைத் திறக்கும் கடவுச்சொல் மேசையில் அழுத்தப்பட்டிருந்த தலைக்குள் இருந்தது. அது சிரித்தது. “இப்ப என்ன பண்ணுவீங்க பெரியவரே?”

“நாலு, பூஜ்யம், நாலு” என்று ஒரு குரல் கேட்டது.

அவர் மனைவி. கைப்பையிலிருந்து எடுத்த டேப்லட்டை மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தார். சுற்றறிக்கைகள் அடித்த அதே டேப்லட். அந்த அஞ்சல் பெட்டி அதில் ஒருநாளும் மூடப்பட்டதில்லை. டைப் செய்கிறவள் கையில் ஒரு சாவி இருக்கும் என்பது சொல்லிக்கொண்டே இருந்தவருக்குத் தோன்றவே இல்லை.

“வாய மூடுடி! வீட்டுக்கு வா, உன்னக் கொல்றேன்!”

“ஏழு, ஒண்ணு, ஒம்பது. எழுதிக்கிட்டீங்களா சார்?”

புருவத்து ரத்தம் கண்ணில் இறங்க, ஆறு எண்களையும் அடித்தேன். புதிய கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். கணக்கு திறந்தது. கேட் கேமரா ‘இணைப்பில் இல்லை’ என்று இருந்தது. அதன் கீழே அந்தப் பிற்பகல் அப்படியே இருந்தது.

ஒலியில்லாத படம். கார் நிற்கிறது. வாட்ச்மேன் கையைக் காட்டி ஏதோ சொல்கிறார். இறங்கியவர் செருப்பைக் கழற்றி வாயிலேயே அடிக்கிறார். வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மறுபடி. மறுபடி. பிறகு கம்பி வருகிறது. தலைக்கு வந்த அடியைத் தடுக்கக் கை உயர்கிறது, மடங்கக்கூடாத இடத்தில் மடங்குகிறது. விழுந்தவரின் இடுப்பில் உதை. அப்போதுதான் டார்ச் ஒரே ஒருமுறை மேலே போய்க் கீழே இறங்குகிறது. ரத்தம் வழிய நிமிர்ந்த முகம் கேமராவைப் பார்க்கிறது. கம்பி நம்மை நோக்கி வருகிறது. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை பார்த்தார். வாட்ச்மேன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று ஒருமுறை பார்த்தார்.

“இத்தன அடியா சார் வாங்கியிருக்கேன்? எனக்கு முத அடிதான் ஞாபகம் இருக்கு” என்றார்.

அவரை அனுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டாமவரை உட்கார வைத்தார்கள். தரையில்தான். வெளியே என் புருவத்துக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வந்தார்.

“கணக்குல சங்கத்து மெயில மாத்திருங்க சார், ஒங்களுது. பழசுல இருந்தா அவரு வெளிய வந்ததும் மறுபடி உள்ள போயிருவாரு.”

அங்கேயே திண்டில் உட்கார்ந்து மாற்றினேன். அதற்கும் உறுதி செய்யச் சொல்லிப் பழைய முகவரிக்கு ஒரு குறியீடு போயிற்று. கேட்பதற்கு முன்பே அவர் அதை வாசித்துக் காட்டினார். பிறகு அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லையும் தானே மாற்றிவிட்டு, டேப்லட்டைப் பைக்குள் வைத்தார்.

“வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கட்டுமாம்மா?” என்றேன்.

“வீட்டுக்கா?” என்றார். “காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னாடி என் தம்பி கடை இருக்கு. அங்க போறேன்.” தலைப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். நீலம் காதுவரை போயிருந்தது. உள்ளே போய், “ஒரு கம்ப்ளெயிண்ட் குடுக்கணும், பேப்பர் இருக்கா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.