மாடலுக்கு மனப்பாடமான ஆடு

ராமநாதபுரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நான்கே பேர். விசைப்படகுக்காரர்கள் சங்கம் ஒன்று கேட்டதற்காக, தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும் ஓர் உதவியாளரை செல்போனுக்குச் செய்து கொடுத்திருந்தோம். காற்று, டீசல் மானியம், இன்ஜின் கோளாறு என்று எதை வேண்டுமானாலும் அதனிடம் கேட்கலாம். வெளியே இலவசமாகக் கிடைக்கும் சின்ன மொழி மாடல் ஒன்றை எடுத்து, இந்தக் கரைப் பேச்சு அதற்குப் பழக வேண்டும் என்பதற்காக, சங்கத்துக்காரர்கள் கொடுத்த வாட்ஸ்அப் குழு உரையாடல்களை வைத்து மேற்கொண்டு பயிற்சி கொடுத்தோம். அந்தக் கோப்புகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தியது நான்தான்.

வெளியிட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு பெண் போன் செய்தார்.

"புதுமடத்துலேர்ந்து பேசுறேன். நீங்கதானே அந்தக் கேள்வி கேக்குற பொட்டிய செஞ்சவுக?"

ஆமாம் என்றேன்.

"இங்கன வந்து இந்த நங்கூரத்த எடுத்துட்டுப் போங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் பிடித்துப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், பச்சைக் கதவு போட்ட வீடு. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், தையல் மெஷின் முன் ஒரு காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் எல்லோரும் அக்கா என்ற பொருளில் லாத்தா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். முற்றத்தில் ஒரு நங்கூரம், இரண்டு சுருள் வலை, நாலைந்து மிதவைகள். மூலையில் கட்டியிருந்த ஆடு ஒன்று ஒரு மிதவையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஆடு உங்களுதா?"

"இல்ல. அதுவும் வந்ததுதான்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் லாத்தாவின் ஆடு தொலைந்திருக்கிறது. அப்போது சொந்தக்காரப் பையன் ஒருவனை விட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடச் சொல்லியிருக்கிறார். செந்நிற ஆடு, இடது காது கிழிந்தது. கண்டவர்கள் இந்த எண்ணுக்குச் சொல்லவும். முட்டி ஆபரேஷன் செய்திருப்பதால் நடக்க முடியாது, வீட்டில் தனியாக இருக்கிறேன், மகன் சவுதியில், தயவுசெய்து பள்ளிவாசல் பின்தெரு பச்சைக் கதவு வீட்டில் கொண்டுவந்து விடவும். ஆடு மறுநாளே தானாகத் திரும்பி வந்துவிட்டது. அடுத்த பெருநாளுக்கு அதைக் குர்பானி கொடுத்தும் ஆயிற்று. செய்தி மட்டும் நிற்கவில்லை. இரக்கப்பட்டவர்கள் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அங்கேயே என் போனை எடுத்து உதவியாளரிடம், "என் வலை காணோம், என்ன செய்ய?" என்று கேட்டேன். செந்நிற ஆடு, இடது காது, லாத்தாவின் எண், முட்டி, சவுதி, பச்சைக் கதவு. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

காணாமல் போனதைப் பற்றிக் கேட்டவர்கள் அந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். எதையாவது கண்டெடுத்தவர்கள் பச்சைக் கதவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். லாத்தா ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்து, இரண்டு வலைகளை உரியவர்களிடம் சேர்த்தும் இருந்தார். நாங்கள் செய்ததிலேயே உருப்படியாக நடந்த காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பை அடக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் குழுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே லாத்தா" என்று, கோப்புகளைச் சேர்த்தபோது எங்கள் ஓனர் சொல்லிக்கொடுத்திருந்த சமாதானத்தைச் சொன்னேன்.

"எங்க ஊர் ஆளுககிட்ட நான் சொன்னேம்மா. என் வீட்ல ஆம்பள இல்லன்னு முகந்தெரியாதவன்கிட்ட சொல்ல ஒங்கள யாரு சொன்னது? நேத்து ஒருத்தன் போன் போட்டு, முட்டி எப்பிடி இருக்குன்னு கேக்குறான். யாருன்னே தெரியல."



ஆபீஸுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். ஓனர், "அந்தப் பத்து இலக்கத்த மட்டும் தடுத்துரு" என்றார். பதில் வெளியே போகும் வழியில் ஒரு வடிகட்டி வைத்தேன். மாடல் எண்ணை நடுவில் இடைவெளி விட்டுச் சொன்னது. அதையும் தடுத்தேன். ஒருவர், "நம்பரை எழுத்தால எழுது" என்று கேட்க, ஒன்பது, எட்டு என்று தமிழிலேயே எழுதிக்கொடுத்தது. முட்டியும் பச்சைக் கதவும் எந்த வடிகட்டிக்கும் சிக்கவில்லை.

"மாடலுக்குள்ள போயி அந்த ஒரு வரிய அழிக்க முடியாதா?" என்றார் ஓனர்.

"உள்ள வரின்னு ஒண்ணு தனியா இல்ல சார். திரும்பத் திரும்பப் படிச்சதுல மனப்பாடம் ஆயிருக்கு. அது உள்ள இருக்குற கோடிக்கணக்கான எடை எண்கள் எல்லாத்துலயும் கலந்து கெடக்கு. தரவச் சுத்தம் பண்ணிட்டு, முதல்ல எடுத்த மாடல்லேர்ந்து மறுபடி பயிற்சி குடுக்கணும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்றார். அவர் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒரே செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது என்று கோப்புகளில் தேடினேன். ஆட்டுச் செய்தி நூற்றுக்கும் மேலே. முதல் இடம். இரண்டாம் இடத்தில் இருந்ததைத் திறந்து படித்தேன்.

மணமகன் தேவை. பெண் உத்திரட்டாதி. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்தது, அதனால் ஒன்றும் பாதகமில்லை. கோபம் கொஞ்சம் வரும். செய்தியின் அடியில், மண்டபம் ஊரில் டீசல் பங்கில் வேலை பார்க்கும் என் அய்யாவின் எண், என்னைப் பெற்றவருடையது.

பங்குக்கு வரும் படகுக்காரர்கள் எல்லோரிடமும் அய்யா அனுப்பியிருக்கிறார். அவர்களும் நல்ல மனசோடு பரப்பியிருக்கிறார்கள். சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "மணமகன் தேவை" என்று மட்டும் தட்டினேன். மாடல் மீதியைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்தது. பின்னால் ஓனர் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"உத்திரட்டாதியா நீ?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். "சரி, மறுபடியும் பயிற்சி குடுத்துருவோம்" என்றார். அதுவரை உதவியாளரை நிறுத்திவைத்தோம்.

ஒரே செய்தியின் நகல்களை நீக்கினேன். ஆள், வீடு, உடம்பு பற்றியிருந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்து எடுத்தேன். மிச்சமிருந்த எண்கள் எல்லாவற்றுக்கும் பதிலாக "எண் மறைக்கப்பட்டது" என்று போட்டேன். புது மாடலில், கடலில் ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுப் பார்த்தோம். "உடனே எண் மறைக்கப்பட்டதை அழைக்கவும்" என்றது மிகுந்த அக்கறையோடு. எல்லோருக்கும் பொதுவான அவசர எண்களைத் தனிப் பட்டியலாக வைத்து, அதிலிருந்து மட்டும் எடுத்துச் சொல்லும்படி செய்ய வேண்டியதாயிற்று.

மறுபடி திறப்பதற்கு முன்னால் புதுமடம் போய் போனை லாத்தாவிடம் கொடுத்தேன். அவர் எங்கள் யாரையும்விட நன்றாகச் சோதித்தார். பாதிச் செய்தியைத் தட்டிப் பார்த்தார். தப்பும் தவறுமாக எழுதிப் பார்த்தார். "பச்சைக் கதவு யாரோடது?" என்று நேரடியாகவே கேட்டார். "கதவுக்குப் பச்சை வண்ணம் பூசுவதற்கு முன் துரு நீக்கவும்" என்றது மாடல்.

லாத்தா முதல்முறையாகச் சிரித்தார். பிறகு, "ஒங்க கம்ப்யூட்டர்ல அந்தப் பழைய பேச்செல்லாம் இருக்குமே?" என்றார்.

இருந்தது. அதை யாராவது கேட்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அன்று சாயங்காலமே பழைய மாடலையும் கோப்புகளையும் அழித்து, அவருக்குச் சொல்லப் போன் செய்தேன். ஆனால் அவர் எண்ணை மாற்றிக்கொண்டுவிட்டார். புது எண் என்னிடம் இல்லை. ஒருவழியாக அவருடைய பக்கத்து வீட்டுக்குத் தகவல் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து அய்யாவிடம், ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "எதும்மா தப்பா எழுதிருக்கேன்?" என்றார். எதுவும் தப்பில்லை. அவர் பங்குக்கு வருபவர்களிடம் சொன்னதை முகந்தெரியாதவர்களிடமெல்லாம் கொண்டுபோனது நான் சேர்த்த கோப்புகள்தான்.