கை வைத்ததைக் கண் திருத்தாது

எங்கள் பக்கத்தில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு சொல்லுகிறவன் நான்தான். கோயில் கூழ், இலவச கண் சிகிச்சை முகாம், காணாமல் போன எருமை, எதுவானாலும் என் குரலில்தான் போகும். டீக்கடையில் ஒருவர் சொல்லுவார்: "நீ பேச ஆரம்பிச்சா மைக்குக்கே வாய் வலிக்கும்டா." இப்படி யாராவது ஒன்று சொன்னால் அதை நான் விடுவதில்லை. அடுத்த ஊரில் போய் என்னுடையது மாதிரி சொல்லிவிடுவேன். பத்தாவதோடு நின்றவனுக்கு எல்லாரும் வாத்தியார்.

அதனால்தான் கோட்டைக்குப்பத்தில் என் தங்கச்சியின் படங்களைக் கண்காட்சி வைக்கிறார்கள் என்றதும், போனில் போட்டோவோடு போடுவதற்கான தமிழ் கேப்ஷனை என்னையே எழுதச் சொன்னார்கள்.

தங்கச்சி ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, பறி என்கிற பனை ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிக்கிற வேலை. அதில் கண்ணுக்கு வேலையே இல்லை. சென்னையிலிருந்து ஒரு பெண் பொம்பளைங்களுக்கு ஓவியப் பயிற்சி என்று வந்தபோது, இவள் மட்டும் பிரஷ்ஷைத் தொடவில்லை. கிழிந்த பழைய பாய்மரத் துணியைத் தரையில் விரித்து, ஏரிச் சேற்றைக் கரைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தடவ ஆரம்பித்தாள். கறுப்புச் சேறு, சாம்பல் சேறு, முகத்துவாரத்துப் பக்கத்து மணல் கலந்த சேறு. கண்ணைத் திறந்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு விரல் அளவுகூட அதற்குமேல் மாற்றமாட்டாள். எல்லாத் துணியிலும் நடுவில் ஓரிடம் மட்டும் சேறு படாமல் வெள்ளையாக நிற்கும். நீளமாக, இரண்டு முனையும் கொஞ்சம் குறுகி. எனக்கு அது ஆளில்லாத படகு மாதிரி தெரியும்.

ஆளில்லாத படகு என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, கடலுக்குப் போன இடத்தில் ஃபைபர் போட் கவிழ்ந்து போனவர். கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். போட்டும் கிடைத்தது. அவர் உடம்பு கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் உடம்பு கரைக்கு வராத ஆளுக்கு, வீட்டார் வாய்திறந்து சொல்லும்வரை யாரும் காரியம் பற்றிப் பேசமாட்டார்கள். அவளும் சொல்லவில்லை, மாப்பிள்ளையைப் பெற்ற அத்தையும் சொல்லவில்லை. தங்கச்சி நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது.

சென்னைப் பெண் இங்கிலீஷில் எழுதி அனுப்பியதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "கடலில் மறைந்த தன் கணவரின் நினைவாக ஏரிச் சேற்றால் ஓவியம் தீட்டும் இறால் பிடிக்கும் பெண்ணின் கண்காட்சி. திறப்பு விழாவுக்கு அனைவரும் வருக."

அதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டினேன். படம் போட்டவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதையும் வெளியிடக்கூடாது என்பது அந்தப் பெண்ணே வைத்த கட்டளை. தங்கச்சி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா இது?"

"நீ வரையறதப் பத்தி ஒரு வரி இருக்கணுமாம்."

"இது நான் வரையறதப் பத்தி இல்லியே. அவரப் பத்தி இல்ல இருக்குது." கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "அவரு வரலன்னு எழுது. செத்துட்டாருன்னு எழுதாத. நீ ஆட்டோல ஊர் ஊரா படிச்சுக்கினு போவ. அத்த காதுல வுழும்."

அத்தை அப்போது காலில் கட்டுப் போட்டு, திருப்பாலைவனத்தில் மகள் வீட்டில் இருந்தார். என் ஆட்டோ அந்தத் தெருவழியாகத்தான் போகும்.

சென்னைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் நல்ல பெண். ஆனாலும் சொன்னாள்: "அண்ணா, போன்ல முதல் ரெண்டு வரிதான் தெரியும். மிச்சம் 'மேலும்'னு மடங்கிடும். அந்த ரெண்டு வரியில மனசைத் தொட்டாத்தான் விரல் நிக்கும். கணவர் விஷயத்தை எடுத்துட்டா யார் நிப்பாங்க?"

"எங்க ஆட்டோவும் அப்படித்தாம்மா. வாசல்ல நிக்கறவ காதுல ஒரு வரிதான் வுழும், அதுக்குள்ள வண்டி போயிடும். அதுக்காக எருமை காணோம்ங்கறதுக்குப் பதிலா எருமை செத்துப்போச்சுன்னு சொல்ல முடியுமா?"

அவள் சிரித்தாள். "சரிண்ணா. அப்போ அவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு மட்டும் எழுதுங்க. அழகா, அற்புதமான்னு எதுவும் வேணாம். கை என்ன செய்யுது, அதை எழுதுங்க."

கேப்ஷன் எழுதுவது அறிவிப்பு மாதிரிதான் என்று நினைத்தேன். இல்லை. அறிவிப்பில் தப்புச் சொன்னால் அடுத்த தெருவில் திருத்திக்கொள்ளலாம். எழுத்தில் ஒரு ஆளை ஒரு வரிக்குள் உட்கார வைக்க வேண்டும், அதில் அந்த ஆளுக்கு மூச்சு முட்டக்கூடாது. தங்கச்சியையே கேட்டேன். "நீ எப்படித்தான் வரையற?"

"தண்ணிக்குள்ள எப்படித் தேடறனோ அப்படித்தான். கை வெச்சது வெச்சதுதான். கண்ணு தொறந்தப்புறம் கிட்ட போனா பொய்யாயிடும்."

"நடுவுல அந்த வெள்ளை? படகா?"

"எழுதாத. அது இன்னான்னு எனக்கே தெரியாது. கை அங்க போகமாட்டேங்குது."

கடைசியில் வெளியிட்டது இது:

"ஏரியில் இறால் தேடும் அதே கைகள், கண்ணை மூடிக்கொண்டு, ஏரிச் சேற்றால் வரைந்தவை. கை வைத்ததைக் கண் திருத்தாது என்பதே இவர் வழி; நடுவில் கை போகாத இடத்தை அப்படியே விட்டுவிடுகிறார். கோட்டைக்குப்பம் புயல் பாதுகாப்பு மையத்தில் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திறப்பு. பிறகு அடுத்த ஞாயிறு வரை தினமும் பார்க்கலாம். நுழைவு இலவசம். பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து வருகிறவர்கள் திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு பஸ்ஸில் வரலாம். குழந்தைகளோடு வாருங்கள், செருப்பை வெளியே விடுங்கள், படங்கள் தரையில்தான் இருக்கின்றன."

கீழே போட்டோ எடுத்தவர் பெயர். கண் தெரியாதவர்களுக்குப் போன் படித்துக் காட்ட, படத்தில் என்ன இருக்கிறது என்று தனியாக ஒரு வரி. அதில் நான் 'நடுவில் வெள்ளையாக நீண்ட இடம்' என்று மட்டும் போட்டேன். நாலு மணி என்று வைத்தது தங்கச்சி. அதற்குள் ஏரிக்குப் போன பொம்பளைங்க குளித்துச் சாப்பிட்டுவிடுவார்கள், மீன் விற்கப் போனவர்களும் திரும்பிவிடுவார்கள்.

வார்த்தை மாற்றாமல் அதையே மைக்கிலும் படித்தேன். இடத்தையும் நேரத்தையும் மட்டும் முதலிலும் ஒருமுறை சேர்த்துக்கொண்டேன். திருப்பாலைவனத்தில் வண்டியை மெதுவாக விட்டேன். திண்பண்டக் கடைக்காரர் கேட்டார்: "கண்ண மூடிக்கினு வரைஞ்சத நாங்க கண்ணத் தொறந்துகினு பாக்கணுமா?" நானும் சிரித்துக்கொண்டே போனேன்.

திறப்பு அன்று கூட்டம் வந்தது. சென்னையிலிருந்து கொஞ்சம் பேர், பழவேற்காட்டிலிருந்து பாய் வீட்டுப் பெண்கள், எங்கள் ஊர் முழுக்க. செருப்பு வாசலில் குவிந்து கிடந்தது. தங்கச்சி ரிப்பன் வெட்டவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள், அவ்வளவுதான். துணிகளைச் சுற்றி எல்லாரும் குனிந்து நடந்தார்கள். "இது முகத்துவாரத்துச் சேறு, மணல் பாரு," என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. நான் எழுதின வரியைப் பார்த்து வந்தவர்கள் என்று ஒரு பெருமைகூட.

அப்போது அத்தை வந்தார். மகள் கைத்தாங்கலாகப் பிடித்துவர, கால் கட்டோடு. ஆட்டோவில் என் குரல் கேட்டு, போயே ஆகணும் என்று அடம்பிடித்தாராம்.

தங்கச்சி ஓடிப்போய் நாற்காலி போட்டாள். அத்தை உட்காரவில்லை. பெரிய துணியின் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ண மூடிக்கினு போட்டதுதான? நீ மைக்ல சொன்னியே."

"ஆமா அத்த."

"அப்புறம் திருத்தலையே?"

"இல்ல அத்த."

அத்தை குனிந்தார். நடுவில் இருந்த வெள்ளையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, துணியில் படாமல், கையைக் காற்றில் ஓட்டினார்.

"எம் புள்ள பொறந்ததுலேருந்து ஒருக்களிச்சுத்தான் படுப்பான். முட்டிய மடக்கிக்கினு. உனக்குத் தெரியாததா?" தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. சோறு ஆறிப்போச்சே என்று சொல்கிற குரல். "நீ அவன மல்லாக்க நீட்டி வெச்சிருக்கியேம்மா."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலே குறுகினது தலை. கீழே குறுகினது கட்டிவைத்த கால். இத்தனை நாள் படகு என்று நினைத்தேன். ஒவ்வொரு துணியிலும், ஒன்று விடாமல், அவர் அப்படித்தான் கிடத்தப்பட்டிருந்தார்.

தங்கச்சி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழவில்லை. பறியைக் கவ்வுகிற மாதிரி பல்லைக் கடித்திருந்தாள். அப்புறம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"எனக்குத் தெரியாது அத்த," என்றாள். "சத்தியமா தெரியாது."

"உனக்குத் தெரியாது. கைக்குத் தெரிஞ்சிருக்குது."

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அந்தத் துணி ஓரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. எங்கள் ஊர்ப் பொம்பளைங்களுக்குப் புரிந்தது. ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அப்புறம் இன்னொருத்தி. ஒருவர்கூட ஒப்பாரி வைக்கவில்லை. அது எங்கள் ஊரில் நடக்காத விஷயம். சென்னைப் பெண் என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "நான் ஏதாவது செய்யணுமாண்ணா?" ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கண்காட்சி முடிந்ததும் துணிகளைச் சென்னையில் ஒரு கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கும் கேப்ஷன் வேண்டும். பழையதையே ஊரும் நாளும் மாற்றி வைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அத்தையும் அங்கேயே வந்துவிட்டிருந்தார். காரியத்துக்கு ஆள் சொல்லி அனுப்பியாகிவிட்டது. தங்கச்சி நெற்றியைப் பார்க்காமல் போனை நீட்டினேன்.

வாங்கி மெதுவாகப் படித்தாள்.

"கை போகாத எடம்னு எழுதி இருக்குதே, அத எடுத்துடுண்ணா."

"ஏம்மா? நீ வரையற முறை அதுதான?"

"கை போன எடம் அதுதான். மிச்சமெல்லாம் சும்மா தடவுனது." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தப் பொண்ணு மொதல்ல எழுதினாளே, அந்த வரியப் போட்டுக்க."

நான் அந்த வரியைத் தேடி எடுத்தேன். 'கடலில் மறைந்த' என்று தட்டும்போது விரல் நின்றது. அத்தை சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுக் காட்டுண்ணா," என்றாள் தங்கச்சி. "அத்தைக்கும் கேக்கட்டும்."

நாலு ஊருக்குக் கேட்கிற குரல் என்னுடையது. அன்று அந்த ஒரு வரியை அந்தச் சின்ன அறையில் இரண்டு பேருக்குக் கேட்கிற மாதிரி படிக்க, மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டி வந்தது.