சித்தி வீட்டு ஹாலில் ஓடிய மோட்டார்

எங்கள் குறும்படத்தின் கடைசிக் காட்சியில் அக்கா தனியாக மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போக வேண்டும். யான் என்ற ஊரில் வயல் பச்சையாக இருந்தபோதே, நண்பனின் வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, விலகி ஓடும் சாலையைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அக்காவை எடுப்பதற்குள் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. தினமும் வேலைக்கு மோட்டாரில் பறந்தவள் நான்கு வாரமாக வீட்டிலேயே கிடந்தாள். அடுத்த ஞாயிறு தேவாலய மண்டபத்தில் படத்தைப் போட்டாக வேண்டும்.

"வேற ஆளைப் போட்டுக்கோ" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புக்கிட் செலம்பாவில் சித்தி வீட்டில்தான் பெரிய டிவி இருந்தது. மோட்டாரை ஹாலுக்குள் தள்ளி ஸ்டாண்டு போட்டு, அக்காவைத் தூக்கி உட்கார வைத்தோம். அவள் முதுகுக்குப் பின்னால் டிவி, அதில் யான் சாலை. முன்னால் நான், கேமராவோடு.

பார்த்தால், டிவியில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. கேமராவின் ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒன்று. டிவியோ நொடிக்கு அறுபது முறை புதுப்பிப்பது. ஷட்டரையும் அறுபதில் ஒன்றாக மாற்றினேன். குறைந்தன, போகவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "ஓட்டை டிவி, சித்தி" என்று கத்திவிட்டேன்.

"எனக்கு நல்லாத்தான்லா தெரியுது. கண்ணு கூசுதுன்னு வெளிச்சத்தைக் கொறைச்சு வெச்சிருக்கேன், அவ்ளோதான்" என்றார் சித்தி, நிதானமாக.

அங்கேதான் இருந்தது வினை. வெளிச்சத்தைக் குறைத்தால் சில டிவிகளில் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். முழுதாகக் கூட்டினேன், பட்டைகள் ஒழிந்தன. அசடு வழிய மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது திரையில் வானம் பளீரென்றும் அக்கா முகம் இருட்டாகவும் இருந்தது. டிவியைத் தொடாமல், மடிக்கணினியில் வீடியோவையே மங்கலாக்கினேன். அக்கா முகத்துக்கு ஒரு விளக்கு. அது திரையில் விழாமல், நடுவில் தொங்கவிட்ட சித்தியின் கறுப்புப் புடவை மறைத்தது. லென்ஸின் துளையை அகலத் திறந்து, டிவியை இரண்டடி பின்னால் தள்ளி, அக்காவின் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். திரையின் புள்ளிக் கோலம் கரைந்து வெறும் வயலாயிற்று. சித்தி மேசைக் காத்தாடியைப் பிடிக்க, அக்காவின் துப்பட்டா பறந்தது.

வீடியோவில் வளைவு வரும்போதெல்லாம் அக்கா சரியாகச் சாய்ந்தாள். நான் சொல்லவே இல்லை. டிவி முதுகுக்குப் பின்னால் இருக்க, எப்படித் தெரிகிறது?

"சைடு கண்ணாடியில ரோடு தெரியுதுடா தம்பி."

மூன்றாவது டேக் பிரமாதம். "முடிஞ்சது, எறங்குக்கா" என்றேன்.

அவள் கைப்பிடியை விடவில்லை. "இன்னொரு தடவை போடேன்."

"ஓகே ஆயிருச்சுக்கா."

"கெமராவை மூடிட்டுப் போடுறா. நான் சும்மா போயிட்டு வரேன்."

போட்டேன். சித்தியும் காத்தாடியை நிறுத்தவில்லை.