அடக்கத்தின் மேல் கால் பங்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அச்சகத்தில் நான் கணக்கெழுதிய காலம். கணவர் இறந்தபின் அதை நடத்தியவர் ஓர் அம்மா. ராஜபாளையம் மில்லுக்குக் கூலிப் பதிவேடுகள் அடிக்க விலை கேட்டிருந்தார்கள். காகிதம் நாற்பது ரூபாய், மையும் பைண்டிங்கும் எட்டு, அச்சுக்கோப்புக்கும் அச்சடிப்புக்கும் கூலி இருபத்துநான்கு, வாடகையிலும் விளக்கிலும் இந்த வேலையின் பங்கு எட்டு. அடக்கம் எண்பது. அதில் கால் பங்கு, இருபது, லாபம். விலை நூறு என்று எழுதினேன்.

இருவரும் மில்லுக்குப் போனோம்.

"வேற அச்சகத்துல தொண்ணூறுக்குத் தாராங்களே" என்றார் மேனேஜர்.

அம்மா அடக்கச் சீட்டையே அவரிடம் நீட்டினார். லாபத்தைக்கூட மறைக்கவில்லை.

மேனேஜர் வரிவரியாகப் படித்தார்.

"இங்க கொண்டுவார வண்டிக்கூலி எங்கம்மா?"

நான்தான் மறந்திருந்தேன்.

"நாலு ரூவா விட்டுப்போச்சு" என்றார் அம்மா.

"அப்போ அடக்கம் எண்பத்துநாலு, கால் பங்கு இருபத்தொண்ணு. நூத்தஞ்சுல்லா கேக்கணும்?"

"விட்டது எங்க தப்பு. சொன்ன விலை நூறுதான். லாபம் பதினாறு போதும்."

மேனேஜர் சீட்டை அம்மாவிடம் திருப்பித் தந்தார். பிறகு நூறுக்கே கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது அம்மா என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார எனக்குத் துணிவு வரவில்லை. ஊர் வரை நின்றே வந்தேன்.